குறைந்தது என்று சொல்ல முடியவில்லை, ஐயா

நான் வேலை பார்க்கும் மருத்துவக் கல்லூரியில் புள்ளியியலாளர் என்று இருப்பது நான் ஒருத்திதான். என் அறை முன்பு எக்ஸ்ரே ஃபிலிம் வைக்கும் கிடங்காக இருந்தது. ஜன்னல் கிடையாது. தேடி வருகிறவர்கள் கதவிலேயே நின்றுகொண்டு, சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கக் கொடுக்கிற மாதிரி பென் டிரைவை நீட்டுவார்கள். "மேடம், டேட்டா எல்லாம் ரெடி. பி வேல்யூ மட்டும் கொஞ்சம் போட்டுக் கொடுத்துடுங்க. நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்."

அந்த பி வேல்யூ பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. உண்மையில் எந்த வித்தியாசமுமே இல்லை என்று வைத்துக்கொண்டால், நாம் பார்த்த அளவு வித்தியாசமோ அதைவிடப் பெரியதோ வெறும் தற்செயலாகக் கண்ணில் பட எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று சொல்கிற எண், அவ்வளவுதான். அது 0.05க்குக் கீழே வந்தால் டாக்டரின் கண்டுபிடிப்பு. மேலே போனால் என் கணக்கில் ஏதோ தப்பு. பத்து வருடங்களாக அல்சூரிலிருந்து இந்தக் கல்லூரிக்கு வந்துபோகிற எனக்கு இந்த வேலைப் பங்கீடு பழகிவிட்டது.

சமூக மருத்துவத் துறைத் தலைவர் மட்டும் பென் டிரைவை நீட்டுகிற ஆள் இல்லை. ஆய்வைத் தொடங்கும்போதே என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியவர். பிரேசர் டவுனில் பிறந்து வளர்ந்தவர். தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் திரும்பி, உருதுவில் திட்டி, ஆங்கிலத்தில் முடிப்பார். நோயாளிகளை அவருக்கு முகம் பார்த்தே தெரியும். ஊறுகாய் சாப்பிட்ட பாட்டியை மூச்சு வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவார். நல்ல டாக்டர். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஆய்வு எளிமையானது. ஜோகுபாளையத்தில் கல்லூரியின் சுகாதார மையத்துக்கு வரும் இரத்த அழுத்தக்காரர்களைக் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரித்தது. ஒரு குழுவுக்கு வாரம் ஒருமுறை போன்: மாத்திரை போட்டீர்களா, உப்பைக் குறைத்தீர்களா என்று. இன்னொரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும், போன் கிடையாது. ஆறு மாதம் கழித்து இரண்டு குழுவின் மேல் அழுத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதுதான் முக்கிய முடிவு என்று, முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பொதுப் பதிவேட்டில் எழுதிவைத்தோம். பிறகு மனசு மாறக் கூடாது என்பதற்குத்தான் அந்தப் பதிவேடு. யார் யார் மனசு மாறுமென்று அப்போது நான் யோசிக்கவில்லை.

போன் செய்தது மையத்தில் இருக்கும் ஒரு செவிலியர் அக்கா. அதே பகுதியில் குடியிருப்பவர். குரல் கணீரென்று இருக்கும். ஆய்வு முழுவதும் ஒரு வாரம்கூட அந்த போன் தவறவில்லை.

முடிவு வந்த அன்று தலைவர் என் கிடங்குக்கே வந்துவிட்டார்.

"என்ன மேடம், குறைஞ்சிருக்கா?"

"போன் பண்ணின குழுவுல சராசரி கொஞ்சம் கம்மியாதான் இருக்கு சார். ஆனா நம்பிக்கை இடைவெளி பூஜ்யத்தைத் தாண்டிப் போகுது."

"எவ்ளோ தாண்டுது? கொஞ்சமா, ஜாஸ்தியா?"

"தாண்டிடுச்சு சார். அவ்வளவுதான்."

நம்பிக்கை இடைவெளி என்பது, எங்கள் தரவோடு ஒத்துப்போகக்கூடிய விடைகளின் வரம்பு. அந்த வரம்பின் ஒரு முனையில் டாக்டர்கள் சந்தோஷப்படுகிற அளவு குறைவு இருந்தது. மறு முனையில் போன் வந்ததால் அழுத்தம் லேசாக ஏறியது என்பதும் இருந்தது. நடுவில் பூஜ்யம். அதாவது போன் உதவியிருக்கலாம், உதவாமலும் இருந்திருக்கலாம். எங்கள் ஆய்வால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

தலைவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி, ஆம்பளைங்க தனியா பாருங்க."

பார்த்தோம். இல்லை. பெண்கள் தனியாக. இல்லை. சர்க்கரை உள்ளவர்கள், இல்லாதவர்கள், ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்கள், பட்டன் போன் வைத்திருப்பவர்கள். இல்லை, இல்லை. இப்படியே போய், பன்னிரண்டாவது தடவை அறுபது வயதைத் தாண்டிய பெண்களில் எண் 0.05க்குக் கீழே விழுந்தது. தலைவர் எழுந்து நின்றுவிட்டார்.

"அஷ்டே! அவ்வளவுதான்! இதைத்தான் நான் மொதல்லேர்ந்து சொல்றேன்."

அவர் முதலிலிருந்து அதைச் சொல்லவில்லை. பன்னிரண்டாவதாகச் சொன்னார். உண்மையில் எதுவுமே இல்லாவிட்டாலும், பன்னிரண்டு முறை தேடினால் ஒன்றாவது இப்படித் தற்செயலாக விழுவதற்குக் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அதைச் சொன்னேன். "அப்போ மீதிப் பாதி நம்ம பக்கம்தானே?" என்றார்.

கட்டுரையை நான்தான் எழுதினேன். அட்டவணைகளில் எல்லாம் உள்ளபடியே இருந்தன. தலைவர் அதில் கை வைக்கவில்லை. அட்டவணையை யாரும் படிக்கப்போவதில்லை என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அவருடைய அக்கறையெல்லாம் கட்டுரையோடு பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்பும் கடிதத்தின் மேல்தான். "எடிட்டர் ஒரு நாளைக்கு நூறு லெட்டர் பார்ப்பான் மேடம். லெட்டர்லயே ஆளைப் புடிக்கணும்."

அவர் எழுதிக்கொண்டு வந்த கடிதத்தில் பெயர்ச்சொற்கள் தனியாகப் போகப் பயப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று அடைமொழிகள் துணைக்கு வந்தன. ஆய்வு முன்னோடியானது, புதுமையானது, தென்னிந்தியாவிலேயே முதன்முறையானது. முடிவு வலுவானது, உடனடியாகப் பின்பற்றத்தக்கது. நடுவில் ஒரு வரி: வாராந்தரத் தொலைபேசி அழைப்பு இரத்த அழுத்தத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கிறது.

"சார், இந்தக் 'குறிப்பிடத்தக்க' நம்ம துறையில 0.05க்குக் கீழங்கிற அர்த்தத்துலதான் வரும். அது நமக்கு வரல."

"நான் சாதாரண இங்கிலீஷ்ல சொல்றேன் மேடம். லெட்டர்தானே, சும்னே ஏன் புள்ளியியல் பாக்குறீங்க?"

நான் ஒரு கடிதம் எழுதிக் காட்டினேன். முக்கிய முடிவில் இரு குழுவுக்கும் தெளிவான வித்தியாசம் காணப்படவில்லை என்று முதல் பத்தியிலேயே இருந்தது. தலைவர் அதை மரண அறிவிப்பைப் படிப்பது போலப் படித்தார்.

"இதைப் பார்த்தா எடிட்டர் எதுக்கு மேடம் போடணும்? 'ஒண்ணும் கண்டுபிடிக்கல, தயவுசெஞ்சு அச்சடிங்க'ன்னு எழுதியிருக்கீங்க."

மூன்று நாள் இழுபறி. கடைசியில் நான் வீரமாக ஏதோ செய்தேன் என்று எழுத ஆசைதான். செய்யவில்லை. ஒப்பந்தம் போட்டோம். மொத்த நோயாளிகளைப் பற்றிய வரியில் "குறிப்பிடத்தக்க" போய், "குறையும் போக்கு காணப்படுகிறது" வந்தது. போக்கு என்பது எங்கள் தொழிலில் முடிவு கிடைக்காதவர்கள் தங்கிப்போகும் சத்திரம். பதிலுக்கு நான் அறுபதைத் தாண்டிய பெண்களைக் கடிதத்தின் முதல் வரிக்கு விட்டுக்கொடுத்தேன். அவர்களைப் பற்றிச் சொன்ன எண் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பன்னிரண்டு இடத்தில் தேடினோம் என்பது மட்டும் கடிதத்தில் இல்லை. பத்திரிகையின் இணையதளத்தில் அதைப் பதிவேற்றிய விரலும் என்னுடையதுதான். தலைவருக்குப் பாஸ்வேர்டு எப்போதும் மறந்துபோகும்.

பத்தே நாளில் பதில் வந்தது. மரியாதையான நான்கு வரி. பதிவேட்டில் நீங்கள் அறிவித்த முக்கிய முடிவு அனைத்து நோயாளிகளையும் பற்றியது. உங்கள் கடிதம் ஒரு சிறு பிரிவைப் பற்றியதில் தொடங்குகிறது. அந்தப் பிரிவு முன்கூட்டியே திட்டமிடப்பட்டதா? இப்படி எத்தனை பிரிவுகளைப் பார்த்தீர்கள்? உங்கள் இரண்டாம் அட்டவணை சொல்வதும் கடிதம் சொல்வதும் ஒன்றாக இல்லாததால் கட்டுரையை மேலும் பரிசீலிக்க இயலவில்லை.

ஆக, அட்டவணையைப் படிக்கிற ஒருவர் உலகத்தில் இருந்தார்.

தலைவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "நம்ம நாட்டுப் பேப்பர்னா அவனுங்களுக்கு இளக்காரம்" என்றார். நான்கு வரியிலும் நாட்டைப் பற்றி ஒன்றும் இல்லை. இருந்தது எங்கள் இரண்டு பேரைப் பற்றித்தான். எனக்குக் காது சுட்டது.

அந்த வாரம் செவிலியர் அக்கா என் அறைக்கு வந்தார். பேப்பர் திரும்பி வந்த செய்தி மையம் வரை போயிருந்தது.

"மேடம், ஒண்ணு கேக்கணும். நான் போன் பண்ணினது எல்லாம் வேஸ்ட்டா?"

"வேஸ்ட்டுன்னு சொல்லல அக்கா. உதவிச்சுன்னு நிரூபிக்க முடியல. ரெண்டும் வேற வேற."

"வேற வேறன்னா?"

"இருட்டு ரூம்ல பூனையைத் தேடினோம். கிடைக்கல. ரூம்ல பூனை இல்லன்னு ஆயிடுமா? நம்ம டார்ச்சு சின்னது."

அக்கா யோசித்தார். பிறகு சாதாரணமாக ஒன்றைச் சொன்னார். "போன் வந்தவங்களுக்கு மட்டும் குறையறது எப்படி மேடம் தெரியும்? நான் ஒரு வீட்டுக்குப் போன் பண்ணினா அந்தம்மா ஸ்பீக்கர்ல போட்டுடும். பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாம் கேக்கும். 'மாத்திரை போட்டியா'ன்னு நான் ஒருத்தரைக் கேட்டா தெருவே போய் மாத்திரை போடும். உங்க லிஸ்ட்டுல போன் பண்ணக் கூடாதுன்னு இருந்த ஒரு தாத்தா, 'ஏம்மா இந்த வாரம் லேட்டு?'ன்னு என்னையே கேட்டாரு."

நான் நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டேன். போன் வராத குழுவுக்கும் போன் கேட்டிருக்கிறது. அப்படியென்றால் இரண்டு குழுவுக்கும் நடுவே இருந்திருக்கக்கூடிய வித்தியாசம் கரைந்திருக்கலாம். இந்த மாதிரி இடத்தில் ஆள் ஆளாகச் சீட்டுக் குலுக்கக் கூடாது. தெருத் தெருவாகக் குலுக்க வேண்டும். இது எங்கள் பாடத்தில் ஆரம்ப வகுப்பிலேயே வரும். ஆய்வை வடிவமைத்தது யார் என்று கேட்டால், நான்தான். தெருவாகக் குலுக்கினால் நிறையத் தெருக்கள் வேண்டும், கணக்கு சிக்கலாகும் என்று எளிதான வழியை எடுத்ததும் நான்தான்.

"இதை ஏன் அக்கா முன்னாடியே சொல்லல?"

"யாரும் கேக்கல மேடம்."

இனி என் யோக்கியதையைச் சொல்கிறேன். இத்தனை நாள் தலைவரின் அடைமொழிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நான், அன்று மாலை அல்சூர் ஏரிக்கரையோரம் நடந்துபோகும்போது எனக்கான அடைமொழிகளைத் தேட ஆரம்பித்தேன். "நடைமுறைக் காரணங்களால் தனிநபர் அளவில் பிரிக்கப்பட்டது." நன்றாக இருந்தது. "வளங்களின் வரம்பைக் கருத்தில் கொண்டு." அதைவிட நன்றாக இருந்தது. சொல்லாமலே விட்டுவிடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. அக்கா சொன்னது என் அறைக்குள் நடந்த பேச்சு. எந்தப் படிவத்திலும் பதிவாகவில்லை. ஏரியை முழுதாகச் சுற்றி முடிக்கும்போது எனக்குள் ஒரு துறைத் தலைவர் உருவாகியிருந்தார்.

மறுநாள் காலையில் அவரை அடக்கி உட்கார வைத்துவிட்டு, உண்மையான துறைத் தலைவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"அப்போ நிஜமான எஃபெக்ட் இன்னும் பெருசு! அதை எழுதுங்க. 'உண்மையான பலன் இதைவிட மிக அதிகம்'னு."

"அப்படி எழுத முடியாது சார். கரைஞ்சிருக்கலாம்னு சொல்லலாம். எவ்வளவு கரைஞ்சுதுன்னு நாம அளக்கல. அளக்காததைக் கூட்டி எழுதக் கூடாது. இன்னொண்ணு, இப்படிக் குலுக்கினதே தப்பு. அது என் தப்பு. அதையும் எழுதணும்."

இதைக் கேட்டதும் அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் மறக்க மாட்டேன். இரண்டு மாதமாக அவர் ஒருவரே திருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். "ஓ, இது உங்க தப்பா?" என்று அன்போடு கேட்டார். காபி வரவழைத்தார்.

அந்தக் காபி ஆறுவதற்குள் நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "புது லெட்டர் நான் எழுதறேன் சார். ஒரு வார்த்தைகூட மாத்தக் கூடாது. மாத்தினா என் பேரை எடுத்துடுங்க."

என் பேரை எடுப்பது அவ்வளவு சுலபம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். பத்திரிகைக்கு, பகுப்பாய்வு செய்தவர் யார் என்று சொல்லியாக வேண்டும். கல்லூரிக்கு அங்கீகாரச் சோதனைக்குழு வரும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. அனுப்பிய கட்டுரை ஒன்றாவது காட்ட வேண்டும். "எழுதுங்க, எழுதுங்க" என்றார். "நம்மள எவனாவது தூக்கிலயா போடப்போறான்?"

கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதினேன். அதன் சாரம் தமிழில் இவ்வளவுதான்:

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு. வாராந்தரத் தொலைபேசி அழைப்பு ஆறு மாதத்தில் இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறதா என்று பார்த்தோம். முன்பே பதிவு செய்த முக்கிய முடிவில், அழைப்புப் பெற்ற குழுவின் சராசரி சற்றுக் குறைவாக இருந்தது. ஆனால் நம்பிக்கை இடைவெளி பூஜ்யத்தை உள்ளடக்கியது. பயனுள்ள குறைவையும் சிறு உயர்வையும் எங்கள் தரவு ஒருங்கே அனுமதிக்கிறது. ஆகவே அழைப்பு பயன் தருகிறது என்றோ தரவில்லை என்றோ எங்களால் சொல்ல இயலாது. பன்னிரண்டு பிரிவுகளைத் திட்டமிடாமல் பின்னர் ஆராய்ந்தோம். ஒன்றில் மட்டும் வித்தியாசம் தெரிந்தது. அது தற்செயலாக இருக்கலாம் என்பதால் முடிவாக முன்வைக்கவில்லை. இரு குழுவினரும் ஒரே தெருக்களில் வசித்ததால் அழைப்பின் செய்தி மற்றக் குழுவையும் எட்டியதாகக் களப்பணியாளர் தெரிவித்தார். தெருவாரியாகப் பிரித்திருக்க வேண்டும், நாங்கள் செய்யவில்லை. இத்தகைய அழைப்புத் திட்டங்களைப் பலர் தொடங்கிவரும் நிலையில் இது அவர்களுக்கு உதவலாம் என்று கருதி அனுப்புகிறோம். இதே கட்டுரை வேறு பத்திரிகையில் பரிசீலனையில் இல்லை.

தலைவர் படித்தார். ஒரு இடத்தில் பேனாவைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடினார்.

"இதுல நம்ம ரெண்டு பேரையும் திட்டியிருக்கீங்களே மேடம்."

"ஆமா சார். சமமா."

வேறொரு பத்திரிகைக்கு அனுப்பினோம். இரண்டு வாரம் ஒன்றும் இல்லை. மூன்றாவது வாரம், கட்டுரையை மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்பியிருப்பதாக மின்னஞ்சல் வந்தது. தலைவர் என் அறைக்கு வந்து, அதில் "அனுப்பியிருக்கிறோம்" என்ற சொல்லை விரலால் தொட்டுப் பார்த்தார்.

இரண்டு மதிப்பீட்டாளர்களில் ஒருவர் எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தியிருந்தார். இன்னொருவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி: போன் வராத குழுவில் எத்தனை பேர் போன் வந்தவர்களின் தெருவிலேயே வசித்தார்கள், முகவரி இருக்கிறதா? முகவரி இருந்தது. நானும் அக்காவும் இரண்டு நாள் உட்கார்ந்து பட்டியலைத் தெருவாரியாகப் பிரித்தோம். எந்தச் சந்து எந்தத் தெருவில் சேரும் என்பது எந்த மென்பொருளுக்கும் தெரியாது, அக்காவுக்குத் தெரியும். பெரும்பாலானவர்கள் ஒரே தெருக்காரர்கள்தான். அதை அப்படியே ஒரு புது அட்டவணையாகச் சேர்த்து, இது விளக்கம் மட்டுமே, நிரூபணம் இல்லை என்று அடியில் எழுதினோம். நன்றியுரையில் இருந்த அக்கா கட்டுரை ஆசிரியர்களின் பட்டியலுக்கு மாறினார். தலைவர் இதற்கு ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை. கட்டுரை ஏற்கப்பட்டது.

கல்லூரி வாசலில் ஒரு பேனர் வைத்தார்கள். தலைவரின் படம் பெரிதாக, கீழே "இரத்த அழுத்தத்தை வென்ற ஆய்வு" என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும். எழுதியது மக்கள் தொடர்பு அலுவலகம். போய்ச் சொன்னேன். "மேடம், பேனர்ல 'தெரியல'ன்னு எப்படிப் போடறது?" என்றார் அங்கிருந்தவர். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, முதுநிலை மாணவர்களுக்கு ஒரு பயிலரங்கு. தலைப்பு: பத்திரிகை ஆசிரியருக்கு நேர்மையாகக் கடிதம் எழுதுவது எப்படி. பேசுபவர்: துறைத் தலைவர். எனக்கு வந்த அழைப்பில் ப்ரொஜெக்டரைச் சரிபார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

என் கடிதம் திரையில் பெரிதாக வந்தது. தலைவர் உண்மையிலேயே நன்றாகப் பேசினார். அடைமொழிகள் ஆய்வின் எதிரி என்றார். போக்கு என்ற சொல்லைத் தன் துறையில் தடைசெய்திருப்பதாகச் சொன்னார். முதல் பத்திரிகை எங்களைத் திருப்பி அனுப்பியதையும் மறைக்காமல் சொன்னார், "அந்த லெட்டர் நான் எழுதினது, வெட்கமா இருக்கு" என்று. நான் எதிர்பார்க்கவில்லை. அதே மூச்சில், "அப்புறம் நானே திருத்தி எழுதினேன்" என்றும் சொன்னார். அதை எதிர்பார்த்திருந்தேன்.

முன்வரிசையில் ஒரு மாணவி கை தூக்கினாள். "சார், இடைவெளியில பூஜ்யம் இருந்தா போன் பிரயோஜனம் இல்லைன்னுதானே அர்த்தம்?"

தலைவர் திரையைப் பார்த்தார். பிறகு அரங்கைப் பார்த்தார். கடைசியில் ப்ரொஜெக்டர் பக்கத்தில் வயரைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார்.

"மேடம், நீங்களே சொல்லுங்க."

"இல்லம்மா," என்றேன். "பிரயோஜனம் இருக்கான்னு நமக்குத் தெரியலன்னு அர்த்தம். இல்லைன்னு சொல்றதுக்கும் ஆதாரம் வேணும்." பிறகு அந்த வரம்பின் இரண்டு முனைகளையும் பலகையில் வரைந்து காட்டினேன். அவள் குறித்துக்கொண்டாள்.

தலைவர் மைக்கை நெருங்கி, "இதையேதான் நான் சொல்ல வந்தேன்" என்றார். அரங்கில் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த செவிலியர் அக்கா மட்டும் தட்டவில்லை. அவர் போனில் யாரிடமோ மாத்திரை போட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.